கறுப்புக் கல்லா, ஈயக்கல்லா? பீடோர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

"ஐயா, செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்ல கிடைச்சது. கறுப்பா, கையில எடுத்தா அளவுக்கு மீறி கனமா இருக்கு. ஈயக்கல்லா? படம் ரெண்டு போட்டிருக்கேன்."

தம்பி, இரண்டு படத்திலும் கல் ஈரமாக இருக்கிறது. ஈரத்தில் எந்தக் கல்லும் மினுங்கும். துடைத்துக் காயவைத்து, வெயில் நேரடியாகப் படாத வாசலில், பக்கத்தில் ஒரு 20 சென் காசு வைத்து, உடைந்த முகம் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். மூன்றாவது படம் நன்றாக வந்திருக்கிறது. ஓரம் மெலிந்த இடத்தில் தேநீர் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறது. உடைந்த முகத்தில் பிசின் போன்ற பளபளப்பு. ஒரு பக்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் ஒட்டியிருக்கிறது. மூன்றும் ஈயத்தாதுக்கு, அதாவது வெள்ளீயம் தரும் கேசிடரைட்டுக்குப் பொருந்துகின்றன. ஆனால் படம் கனத்தைக் காட்டாது. நம் பக்கத்தில் கறுப்பாகக் கிடைக்கும் டூர்மலினும் படத்தில் இதே மாதிரி ஏமாற்றும்.

அதனால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் கல்லை மட்டும் நிறுக்க வேண்டும்: 412 கிராம். அப்புறம் முக்கால் பாகம் தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக அமிழ்த்த வேண்டும்: 66 கிராம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 6.2, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் 6.2 மடங்கு கனம். டூர்மலின் 3க்குச் சற்று மேலேதான் நிற்கும். ஹெமடைட், மேக்னடைட் இரண்டும் 5ஐ ஒட்டி. சுத்தமான கேசிடரைட் 7க்குப் பக்கம். உங்கள் கல்லில் குவார்ட்ஸும் சேர்ந்திருக்கிறது. அதன் எண் 2.65. கல்லின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ் என்று வைத்தால் கணக்கு ஏறக்குறைய 6.2க்கே வருகிறது. படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டின் அளவும் அதற்கு ஒத்துப்போகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. வுல்ஃப்ரமைட்டும் 7க்கு மேல் கனம், அதுவும் கருப்பு, பேராக்கில் ஈயத்தோடு சேர்ந்தே வரும். அதைப் பிரிக்கத்தான் கோடு. வெள்ளைப் பீங்கான் ஓட்டின் பளபளப்பு பூசாத முதுகில் தேய்த்தால் வுல்ஃப்ரமைட் கரும்பழுப்புக் கோடு போடும், கேசிடரைட் வெளிறிய கோடு போடும். நீங்கள் அனுப்பியது வெளிறியதுதான். ஆகவே ஈயத்தாது என்று பெரும்பாலும் நம்பலாம். உறுதி வேண்டுமென்றால் ஈப்போவில் கனிம, புவியறிவியல் துறையான ஜேஎம்ஜியின் ஆய்வு மையத்தில் காட்டுங்கள்.

"ஐயா, இவ்வளவு சுத்த வேண்டாம். எங்கப்பா டூலாங் தட்டுல ஈயம் அலசினவரு. ஓட்டுல தேய்ச்சு வெள்ளையா வந்தா ஈயம், அவ்வளவுதான்."

அண்ணே, ஓட்டின் முதுகு கிட்டத்தட்ட 6.5, 7 கடினம். கேசிடரைட்டும் அதே அளவு. டூர்மலின் அதைவிடக் கடினம். அதைத் தேய்த்தால் கல் தேயாது, ஓடு தேயும். அந்த ஓட்டுத் தூளும் வெள்ளைதான்! தேய்த்த இடத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். தூள் போய்விட்டு ஓட்டில் கீறல் பள்ளம் தெரிந்தால், அது கல்லின் கோடே இல்லை.

"அப்படின்னா எங்கப்பா சொன்னது தப்பா?"

இல்லை அண்ணே, அவருக்கு அது சரியாகத்தான் வந்திருக்கும். காரணம் டூலாங். தட்டில் அலசும்போது மணலும் டூர்மலினும் தண்ணீரோடு வெளியே போய்விடும். அடியில் தங்குவதே கனமானது. அவர் தேய்க்கும் முன்பே தட்டு கனத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. நாம் வாய்க்காலில் பொறுக்கிய ஒற்றைக் கல்லுக்கு அந்த வேலையைத் தராசுதான் செய்ய வேண்டும். டூலாங்குக்கு அந்தக் காலத்திலிருந்தே அனுமதி வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மண்ணைக் கேட்காமல் அலசாதீர்கள்.

"ஜிங்க் தகட்டில் வைத்து ஆசிட் ஊத்தினா ஈயம் வெள்ளி மாதிரி பூக்குமே. அதையாவது ஒத்துக்குங்க."

ஒத்துக்கொள்கிறேன். துத்தநாகமும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேரும்போது கேசிடரைட்டின் மேல் சாம்பல் நிற ஈயப் படலம் படியும். பழைய ஆட்கள் நம்பிய சோதனை அது, நல்ல சோதனை. ஆனால் அதில் ஹைட்ரஜன் கிளம்பும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கழிப்பறை ஆசிட்டை வீட்டுச் சமையலறையில் வைத்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். தராசும் ஓடும் போதும். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் ஆய்வகம்.

அண்ணன் இன்னும் சமாதானமாகவில்லை. தராசே தேவையில்லை, கையே தராசு என்கிறார். ஆயிரம் கல் தூக்கிய கைக்கு அது உண்மையாக இருக்கலாம்.

"விண்கல்லா ஐயா? காந்தம் ஒட்டுது."

விண்கல் கேள்வி இன்றைக்கு இது மூன்றாவது. காந்தம் ஒட்டுவதெல்லாம் விண்கல் இல்லை. தோட்டத்து ரோட்டில் கொட்டுகிற செம்மண் கட்டியிலும் இரும்பு இருக்கிறது, குப்பை எரித்த இடத்தில் சூடுபட்ட கட்டியில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஓட்டில் தேய்த்துச் செம்பழுப்புக் கோடு வந்தால் அது விண்கல் இல்லை, விஷயம் அங்கேயே முடிந்தது. உள்ளே குமிழ்க்குழிகள் இருந்தால் பெரும்பாலும் ஏதோ உலைக்கசடு.

"தம்பி, என் மோதிரக் கல்லு நீலமா இருக்கு. ராசிக்கு ஒத்துக்குமா?"

அம்மா, ராசி எனக்குத் தெரியாத துறை. பதித்த கல்லைத் தேய்த்தும் பார்க்கக் கூடாது. நகைக்கடையில் காட்டுங்கள்.

"பழைய ஈயக்குட்டைப் பக்கம் கருப்பு மணல் நிறைய கிடக்கு. பிள்ளைங்க விளையாட அள்ளி வந்து கொட்டலாமா?"

வேண்டாம். அது அமாங்காக இருக்கலாம். ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் அந்த மணலில் இல்மனைட், ஸிர்கான் இவற்றோடு மோனஸைட்டும் வரும். மோனஸைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சு உண்டு. ஒருமுறை கையில் தொட்டதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, கையைக் கழுவினால் போதும். வீட்டு முற்றத்தில் குவித்து வைத்துக் குழந்தைகள் புழுதியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. படத்தில் எல்லாம் ஒரே கருப்பாகத்தான் தெரியும், மோனஸைட் இருக்கிறதா இல்லையா என்று படத்தை வைத்து நானும் சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே கொட்டியிருந்தால் ஈரப்படுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அணுசக்தித் துறையிடம் கேளுங்கள்.

"நானும் தண்ணில அமுக்கிப் பார்த்தேன் ஐயா. கல்லு 9 கிராம், தண்ணில 2. நாலரை வருது. என்ன கல்லு?"

தம்பி, உங்கள் தராசு ஒரு கிராம் சுத்தத்துக்குத்தான் காட்டும். அந்த 2 என்பது ஒன்றரையாகவும் இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். 9 என்பதும் எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் எதுவாகவும் இருக்கலாம். அப்படியானால் பதில் 3.4லிருந்து 6.3 வரை எங்கும் நிற்கலாம். டூர்மலின் இல்லை என்று மட்டும் ஓரளவு சொல்லலாம். ஹெமடைட்டா, குவார்ட்ஸ் கலந்த ஈயத்தாதா என்பது இந்த எண்ணில் தெரியாது. படத்தில் ஒரு முகம் உலோகம் போல் மினுங்குகிறது, இன்னொரு முகம் மங்கலாக இருக்கிறது. எனக்கே இரண்டு பக்கமும் மனம் போகிறது. நகைக்கடைத் தராசு போல நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு கிடைத்தால் மறுபடி எடைபோட்டு, ஓட்டுக் கோட்டின் படத்தையும் காய்ந்த கல்லோடு சேர்த்து அனுப்புங்கள்.