போட்டோவில் சட்டையை மட்டும் மாற்றினேன், அந்த இடம் வழவழவென்று தெரிகிறது. எவ்வளவு ஷார்ப் செய்தாலும் மற்ற துணியோடு ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் ஷார்ப் செய்வதை நிறுத்துங்கள். சட்டை முழுவதையும் ஒரே தேர்வாக எடுத்து, போட்டோஷாப்பில் ஏஐ வரைந்து நிரப்பும் Generative Fill மாதிரி ஒன்றில் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் ஸ்டுடியோவில் இருக்கும் பதிப்பு ஒரு தேர்வுக்கு 1024 பிக்சல் அகலம்தான் வரைந்து தரும். தேர்வு அதைவிடப் பெரிதாக இருந்தால் அதையே இழுத்து நிரப்பிவிடும். இழுத்த இடத்தில் நூலே இல்லை, இல்லாத நூலை Unsharp Mask எங்கிருந்து கொண்டுவரும்? மடிப்பு ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் விழும்.

சமீபத்தில் செய்த ஒரு படத்தைச் சொல்கிறேன். அப்பாவும் மகனும் இடுப்பளவு நிற்கும் படம், 6000 பிக்சல் அகலம். அப்பா தவறிவிட்டார், இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற நல்ல படம் அது ஒன்றுதான். மகன் அன்று விளம்பரம் அச்சடித்த டீ-சர்ட்டில் இருந்தார், அதைச் சட்டையாக்கி மாட்டவேண்டும் என்றார். அப்பா போட்டிருந்தது கதர்ச் சட்டை, பக்கத்திலேயே. அதனால் மகனின் வெளிர்நீலச் சட்டை கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் குத்தும்.

சட்டையின் அகலம் படத்தில் கிட்டத்தட்ட 2200 பிக்சல். நிஜத்தில் அது 20 இன்ச் என்று வைத்தால் ஒரு இன்ச்சுக்கு 110 பிக்சல். முரட்டுக் கதரில் இன்ச்சுக்கு 40 நூல் என்று கொண்டால் ஒரு நூலுக்கு மூணு பிக்சல்கூட வராது. இந்தக் கணக்கைப் போடாமல், படத்தைப் பெரிதாக்கும் ஏஐ கருவியான Real-ESRGAN-இல் நாலு மடங்கு ஏற்றி அப்படியே ஒட்டினால், அது தானாகக் கற்பனை செய்கிற நூல் எட்டு பத்து பிக்சல் தடிமனில் வந்து, மகன் சாக்கு உடுத்தியது போல் ஆகிவிடும். அதைவிட மெல்லிய பாப்ளின் என்றால் இந்த அளவில் நூலே தெரியாது, தெரியவும் கூடாது.

நான் செய்தது இதுதான். மாற்றிய சட்டையிலிருந்து உருவம், மடிப்பு, நிழல் மட்டும் எடுத்துக்கொண்டேன். நூலுக்கு, என்னிடம் இருந்த கதர்த் துணி ஒன்றைச் சமமான வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு நூல் மூணு பிக்சலுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, High Pass போட்டு, Overlay-இல் சட்டைமேல் வைத்தேன். கை, மார்பு, காலர் ஒவ்வொன்றுக்கும் தனி லேயர், ஏனென்றால் கையில் நூல் வளைந்து போகும், காலரில் வேறு திசை. Warp போட்டு மடிப்போடு வளைத்தேன். ஆழமான நிழலிலும், ஃபோகஸ் விட்டுப்போன பின்தோளிலும் மாஸ்க் போட்டுக் குறைத்தேன். அப்பாவின் பின்தோளிலும் நூல் மங்கலாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஷார்ப். ரேடியஸ் 0.7 போல, அப்பாவின் சட்டைப் பொத்தான் ஓரம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு மட்டும். கடைசியில் கிரெயின். சாயங்கால வெளிச்சத்தில் அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த படம், எங்கும் புள்ளி இருக்கிறது, புதுச் சட்டையில் மட்டும் இல்லை. நடுச் சாம்பல் லேயரில் Add Noise போட்டு, 0.5 பிக்சல் Gaussian Blur கொடுத்து, அதையும் Overlay-இல் சேர்த்தேன். அந்த மங்கல் தேவை, கேமராப் புள்ளி ஒற்றைப் பிக்சலாக நிற்காது, பக்கத்துப் பிக்சலோடு சேர்ந்து திட்டாக இருக்கும். கிரெயினை முதலில் போட்டு அப்புறம் ஷார்ப் செய்தால் புள்ளிகள் மணல் மாதிரி எழும்பிவிடும், வரிசையை மாற்றாதீர்கள்.

சரியா என்று பார்க்க நீல சானலை மட்டும் திறந்து 100 சதவீதத்தில் பாருங்கள். புள்ளி அதிகம் இருப்பது பொதுவாக அங்கேதான், ஒட்டுப்போட்ட இடம் உடனே மாட்டிக்கொள்ளும்.

மொத்தப் படத்தையும் அப்ஸ்கேல் செய்தால் எல்லாம் ஒன்றாகிவிடுமே என்று யாராவது சொல்வார்கள். ஆகாது. இரண்டு பக்கமும் ஏறும், இடைவெளி அப்படியே இருக்கும், கூடவே அப்பாவின் தோல் சுருக்கங்களையும் அது வழித்துவிடும். இறந்தவரின் முகத்தில் நான் அதைச் செய்யமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று கெஞ்சினாலும் வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன படத்தைத்தான் அனுப்புகிறார்கள், பிறகு "எல்லாம் ஏஐ தானே பண்ணுது, இதுக்கு எதுக்குக் காசு" என்று கேட்கிறார்கள். நூல் திசை பார்த்து வளைத்த வேலைக்கு ஒரு நாள் முழுக்கப் போனது, அதை யார் கணக்கில் எடுப்பார்கள்?

உங்களிடம் இருப்பதும் அப்படி வந்த படம் என்றால் நூலைத் தேடாதீர்கள். சுற்றியுள்ள துணியிலேயே நூல் போய்விட்டிருக்கும். மடிப்பும் கிரெயினும் ஒத்துப்போனால் போதும், மிச்சமிருக்கும் ஜேபெக் கட்டங்களையும் பொருத்த, முடிந்த படத்தை ஒரே முறை அதே அளவு சுருக்கத்தில் சேமியுங்கள்.