டிரான்சிஸ்டர் வெறும் ஆன்/ஆஃப் சுவிட்ச்தான் என்கிறார்கள். அதைக் கோடிக்கணக்கில் சேர்த்தால் மட்டும் எப்படிக் கம்ப்யூட்டர் ஆகிவிடுகிறது?

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 2N7000 என்று கேட்டால் மூன்று கால் வைத்த ஒரு கறுப்புத் துண்டு தருவார்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடது கால் சோர்ஸ், நடுக்கால் கேட், வலது கால் டிரெயின். சோர்ஸை 9 வோல்ட் பேட்டரியின் மைனஸில் கொடுங்கள். பிளஸ்ஸிலிருந்து ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி இரண்டின் வழியாக டிரெயினுக்கு வாருங்கள். இப்போது கேட்டில் மாட்டிய ஒயரை பிளஸ்ஸில் தொட்டால் எல்இடி எரியும், மைனஸில் தொட்டால் அணையும்.

வேடிக்கை அடுத்ததில்தான். பிளஸ்ஸில் தொட்டுவிட்டு ஒயரை எடுத்துவிடுங்கள். எல்இடி தொடர்ந்து எரியும்! காரணம், கேட் உள்ளே எதையும் தொடுவதே இல்லை. அதற்கும் சிலிக்கனுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி மெல்லிய சிலிக்கன் டை ஆக்சைடு படலம் இருக்கிறது. கேட்டில் பிளஸ் மின்னூட்டம் ஏறினால் அது படலத்துக்குக் கீழே எலக்ட்ரான்களை இழுத்துக் கூட்டுகிறது. சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையே ஒரு பாதை உருவாகிறது. ஏறிய மின்னூட்டம் வெளியேற வழியில்லாததால் ஒயரை எடுத்த பிறகும் பாதை அப்படியே கிடக்கிறது.

அந்தப் படலம் எவ்வளவு நொய்யானது என்று நான் கற்றது பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து நேராகக் கேட்டைத் தொட்ட அன்று. உடம்பில் ஏறியிருந்த நிலை மின்சாரம் படலத்தைத் துளைத்துவிட்டது. அதற்கப்புறம் கேட்டை மைனஸில் கொடுத்தாலும் எல்இடி அணையவே இல்லை. இப்படி ஆனால் டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, கேள்விக்கு வருவோம். சுவர் சுவிட்சைப் போட ஒரு விரல் வேண்டும். டிரான்சிஸ்டரைப் போட ஒரு வோல்டேஜ் போதும். அது தருவதும் ஒரு வோல்டேஜ்தான். ஆகவே ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் கேட்டில் கொடுக்கலாம், அதை இன்னொன்றில். விரலே தேவையில்லாமல் சுவிட்சே சுவிட்சைப் போடுகிறது. முழு ரகசியமும் இதுதான் என்பேன்.

சிப்புக்குள் இரண்டு ஜாதி டிரான்சிஸ்டர்கள் உண்டு. நாம் பார்த்தது கேட்டில் வோல்டேஜ் இருந்தால் திறக்கும். மற்றது நேர்மாறு, வோல்டேஜ் இல்லாதபோது திறக்கும். முதல் வகையில் இரண்டை வரிசையாக வெளியீட்டுக்கும் மைனஸுக்கும் நடுவே வையுங்கள். இரண்டாம் வகையில் இரண்டைப் பக்கம்பக்கமாகப் பிளஸ்ஸுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே வையுங்கள். உள்ளீடுகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையிலும் ஒரு கேட்டுக்குப் போகும். வோல்டேஜ் இருப்பதை 1 என்றும் இல்லாததை 0 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு உள்ளீடும் 1 என்றால் கீழே உள்ள இரண்டும் திறந்து, மேலே உள்ளவை மூடிக்கொள்ளும், வெளியீடு 0. ஏதாவது ஒரு உள்ளீடு 0 ஆனாலும் கீழ்ப்பாதை அறுந்து மேல்பாதை ஒன்று திறக்கும், வெளியீடு 1. இந்த நான்கு டிரான்சிஸ்டர் அமைப்பின் பெயர் நாண்ட். கணினி செய்யும் எந்தக் கணக்கையும் நாண்டை மட்டும் கோத்தே கட்டிவிடலாம்.

கூட்டலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பிட்டுகளையும், அதாவது 0 அல்லது 1 ஆன இரண்டு இலக்கங்களையும், முந்தைய இடத்திலிருந்து வந்த மீதியையும் கூட்டி, விடையும் புது மீதியும் தர 9 நாண்ட் போதும். அதாவது 36 டிரான்சிஸ்டர். 64 பிட் எண்களைக் கூட்ட இதை 64 தடவை அடுக்கினால் 2,304. 1971-இல் வந்த இன்டெல் 4004 சிப் முழுவதிலுமே சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான் இருந்தன. (மீதி ஒவ்வொரு இடமாக நகர வேண்டியிருப்பதால் இந்த அடுக்கு மெதுவானது. நிஜச் சிப்பில் வேகத்துக்காக இன்னும் கொஞ்சம் டிரான்சிஸ்டரைச் செலவழிப்பார்கள்.)

அப்படியானால் கோடிகள் எங்கே போகின்றன? பெரும் பங்கு நினைவகத்துக்கு. 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் தலைகீழாக்கிகள் இரண்டை, ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாக, வட்டமாக இணைத்தால் போட்ட 0 அல்லது 1 அங்கேயே நிற்கும். அதற்கு 4 டிரான்சிஸ்டர், எழுதவும் படிக்கவும் வாசலாக 2, ஆக ஒரு பிட்டுக்கு 6. உங்கள் பிராசஸரில் கேஷ் என்ற உள் நினைவகம் 8 எம்பி இருந்தால் பிட்டுகள் மட்டும் சுமார் 6.7 கோடி, டிரான்சிஸ்டர்கள் 40 கோடி. கணக்குப் போடுவது மலிவு, போட்ட கணக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் செலவு. 2020-இல் வந்த ஆப்பிள் எம்1-இல் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். அவற்றில் பல கேஷ், பல கிராபிக்ஸுக்காக ஒரே மாதிரி கணக்குகளை ஒரே சமயத்தில் போடும் பிரதிகள்.

ஒன்று மட்டும் பாக்கி. இவ்வளவு சின்னதாக்கிய சுவிட்ச் அணைத்தாலும் முழுதாக அணைவதில்லை, சரியாக மூடாத குழாய் மாதிரி கொஞ்சம் கசியும். ஒன்றில் அது ஒன்றுமே இல்லை. கோடிகளில் அது பேட்டரியைத் தின்னும். அதனால்தான் வேலையில்லாத பகுதிகளுக்குச் சிப்பே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அந்த வேலையையும் செய்வது வேறு சில டிரான்சிஸ்டர்கள்தான்.