வட்டிக்கு ஏன் வாட் இல்லை?

அன்புள்ள ஐயா,

சாட்ஸ்வர்த்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வங்கி மாதாமாதம் பிடிக்கும் கணக்குக் கட்டணத்தில் 15 சதவீதம் வாட் இருக்கிறது. அதே வங்கிக்கு நான் கட்டும் கடன் வட்டியில் ஒரு சென்ட்கூட இல்லை. கடை இன்சூரன்ஸ் பிரீமியத்தில் உண்டு, ஆயுள் காப்பீட்டில் இல்லை. வங்கிகளுக்குக் காட்டும் சலுகையா இது?

வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பிக்கு,

சலுகையாகத் தொடங்கியது அல்ல. வட்டியில் வங்கியின் உழைப்புக்கான கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாததுதான் காரணம்.

நீங்கள் ஒரு டின் பெயின்ட்டை 100 ராண்டுக்கு வாங்கி 140-க்கு விற்றால், வரி விழ வேண்டியது நீங்கள் கூட்டிய 40-இன் மேல். இரண்டு பில்லும் கையில் இருக்கின்றன, கழித்தால் முடிந்தது. இப்போது வங்கிக்கு வருவோம். மவுண்ட் எட்ஜ்கம்பில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை 1,00,000 ராண்டை 7 சதவீத வட்டிக்குப் போட்டு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதை உங்களுக்கு 12 சதவீதத்துக்குக் கடனாகத் தருகிறது. வருடத்துக்கு நீங்கள் கட்டுவது 12,000. அதில் 7,000 ஆசிரியைக்குப் போகிறது. அது யாருடைய உழைப்புக்கும் கூலி அல்ல, பணத்தைச் செலவழிக்காமல் பொறுத்திருந்ததற்கான விலை. முழு 12,000-க்கும் வாட் போட்டால் 1,800 வரும். வங்கியிடம் தங்கும் 5,000-க்கு மட்டும் போட்டால் 750. அந்த 5,000-லும் கடன் திரும்பாமல் போகும் ஆபத்துக்கான பங்கு கலந்திருக்கிறது.

சரி, 750-ஐயே வங்கியிடம் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் நீங்கள் வாட் பதிவுள்ள வியாபாரி. உங்கள் பங்கைத் திரும்பக் கேட்க உங்கள் பெயரில் ஒரு பில் வேண்டும். வங்கி இரண்டு பேருக்கு வேலை செய்திருக்கிறது: ஆசிரியையின் பணத்தைப் பத்திரமாக வைத்தது, உங்களுக்குக் கடன் தந்தது. எந்தச் சேவையும் கலக்காத வட்டி 8.5 சதவீதம் என்று எடுத்தால், உங்கள் பங்கு 3,500, அவருடையது 1,500. அதையே 10 என்று எடுத்தால் உங்களுக்கு 2,000, அவருக்கு 3,000. எது சரி என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இந்த முடிச்சு அவிழாததால்தான் 1991-இல் இங்கே வாட் வந்தபோது வட்டிக்கு விலக்கு கொடுத்தார்கள். கட்டணத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது, விலை வெளியே தெரிகிறது. அதனால் 1996 அக்டோபரிலிருந்து கட்டணம் வரிக்குள் வந்தது.

ஆனால் விலக்கு என்றால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை, தம்பி. எனக்கு இதில்தான் மனக்குறை. வங்கி வாங்கும் கணினிக்கும் காவல் வேலைக்கும் வாட் கட்டுகிறது. விலக்குள்ள வட்டித் தொழிலுக்காக வாங்கியதென்றால் அதைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் கடனுக்கான அத்தகைய செலவு 1,500 என்றால், 225 ராண்ட் வரி உள்ளேயே சிக்கி வட்டியில் ஏறிவிடும். அது பில்லில் தெரியாததால் நீங்களும் கழிக்க முடியாது. நீங்கள் அதைச் சாமான் விலையில் சேர்ப்பீர்கள், அதன் மேல் இன்னொரு 15 சதவீதம் விழும். வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்குபவர் குறைவாக வரி கட்டுகிறார். வியாபாரி கட்டவே வேண்டாத வரியைக் கட்டுகிறார்.

கடை இன்சூரன்ஸில் இந்த நாடு வேறு வழி கண்டது. ஐரோப்பாவில் அதற்கும் விலக்குதான். இங்கே பணம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கணக்கு வைக்கிறார்கள். பத்துக் கடைகள் ஆளுக்கு 11,500 கட்டினால் மொத்தம் 1,15,000, அதில் வாட் 15,000. ஒரு கடை வெள்ளத்தில் மூழ்கி 69,000 இழப்பீடு கொடுத்தால், அதில் 115-க்கு 15 பங்கு, அதாவது 9,000-ஐ நிறுவனம் கழித்துக்கொள்ளும். மீதி வரி 6,000. வரி நீக்கிப் பார்த்தால் வந்தது 1,00,000, போனது 60,000, நிறுவனத்திடம் நின்றது 40,000. அதற்கு 15 சதவீதம் அதே 6,000. ஆபத்துக்கான பங்கு தானாகவே கழிந்துவிட்டது, பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் முப்பது வருடச் சேமிப்பும் அதன் வட்டியும் பிரீமியத்துக்குள் கலந்திருப்பதால் பழைய முடிச்சு திரும்ப வந்துவிடுகிறது. அதனால் அதற்கு விலக்கு.

இந்த முறையில் வியாபாரி தவறும் இடம் ஒன்று உண்டு. பிரீமியத்தின் வாட்டை மறக்காமல் கழிப்பார்கள், இழப்பீடு கைக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள். அந்த 69,000-இல் 9,000-ஐ நீங்கள் விற்பனை வரியைப் போலவே வரித்துறையான சார்ஸுக்குக் காட்ட வேண்டும். அப்புறம் கடையைச் சீர்செய்த பில்லில் உள்ள வாட்டைக் கழித்துக்கொள்ளலாம். நான் கணக்கு பார்த்த ஒரு கடைக்காரர் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வந்த தொகை முழுவதையும் சரக்கு வாங்கச் செலவழித்துவிட்டு, சார்ஸின் கடிதம் வந்த பிறகுதான் என்னிடம் ஓடிவந்தார். இழப்பீடு எப்போதாவது வந்தால், அந்தக் காலகட்டத்து வாட் படிவத்தை அனுப்புவதற்கு முன் அந்தத் தொகையை 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி எடுத்து வைத்துவிடுங்கள்.