b ≥ 6.2 என்றால் ஏழு பேருந்துகள்தான்

கேள்வி: பள்ளிச் சுற்றுலாக் கணக்கில் b ≥ 6.2 என்று வருகிறது. 0.2 என்பது பாதிக்கும் குறைவுதானே, அப்படியென்றால் 6 பேருந்து என்றுதானே எழுத வேண்டும்? என் மகன் அப்படி எழுதியதற்குத் தவறு போட்டிருக்கிறார்கள்.

ஏழு என்பதே சரியான விடை. திருத்திய ஆசிரியர் மீது நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏன் ஏழு என்பதை யாரும் உங்கள் மகனுக்கு விளக்கவில்லை என்றால், அந்த வருத்தம் நியாயமானது. உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுப்பவன் என்பதாலும், என் பள்ளியில் சுற்றுலாவுக்கு வண்டி பேசும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருப்பதாலும், இந்தக் கேள்வியை எளிதில் கடந்து போக என்னால் முடியவில்லை.

பாதிக்குக் குறைவாக இருந்தால் கீழே, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் மேலே என்ற விதி, அளவுகளைத் தோராயமாகச் சொல்வதற்கானது. ஒரு குச்சியின் நீளம் 6.2 செ.மீ. என்றால் ஏறக்குறைய 6 செ.மீ. என்று சொல்லலாம். 7 என்று சொல்வதைவிட அது உண்மைக்கு அருகில் இருக்கிறது, அதனால் யாருக்கும் நட்டமில்லை. b ≥ 6.2 என்பதோ பேருந்துகளின் எண்ணிக்கை நிறைவு செய்தாக வேண்டிய நிபந்தனை. அதில் b-க்குப் பதிலாக 6-ஐப் போட்டால் 6 ≥ 6.2 என்று வரும், அது பொய். 6.2-க்கு எந்த முழு எண் அருகில் இருக்கிறது என்பது இங்கே கேள்வியே அல்ல. நிபந்தனையை நிறைவு செய்யும் முழு எண்கள் 7, 8, 9 என்று தொடங்கிப் போகின்றன. ஒவ்வொரு பேருந்துக்கும் வாடகை உண்டு என்பதால் அவற்றில் மிகச் சிறியதை எடுக்கிறோம். விடை 6.01 என்று வந்திருந்தாலும் ஏழுதான் எழுதியிருக்க வேண்டும்.

இதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த தேர்விலேயே பாதிப் பேர் 6 என்று எழுதுவார்கள். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் தேசிய அளவில் 13 வயது மாணவர்களுக்கு நடந்த மதிப்பீட்டுத் தேர்வில், ஒரு இராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம் என்றால் 1,128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று கேட்டார்கள். வகுத்தலைப் பெரும்பாலோர் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றும், 18 விழுக்காட்டினர் 31 என்றும் எழுதினார்கள். சரியான விடையான 32-ஐ எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. மீதி 12 என்று எழுதிய பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டும் ஆட்கள் என்பது தோன்றவில்லை.

இனி எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் மகனின் கணக்கில் இல்லாத ஒரு சிக்கல் அதில் இருந்தது. தஞ்சாவூருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் செல்ல 310 மாணவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். வாடகைப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கை நீங்கலாக 52 இருக்கைகள். அலுவலக உதவியாளர் 310-ஐ 52-ஆல் வகுத்தார். 5.96 வந்தது. மேலே முழுமையாக்கி ஆறு பேருந்துகள் என்று தாளில் எழுதித் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டார். முழுமையாக்கியதில் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவர் போட்ட அசமன்பாடுதான் பயணத்துக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு பேருந்திலும் இரண்டு ஆசிரியர்கள் செல்ல வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் நடைமுறை. அவர்களும் அதே இருக்கைகளில்தான் உட்கார வேண்டும். பேருந்து கூடக் கூட ஆசிரியர்களும் கூடுகிறார்கள். அதாவது மாறி இரண்டு பக்கமும் இருக்கிறது:

52b ≥ 310 + 2b

இரு பக்கமும் 2b-ஐக் கழித்தால் 50b ≥ 310, ஆகவே b ≥ 6.2. இதை நான் எழுதிக் காட்டியபோது தலைமையாசிரியர் கேட்டதும் உங்கள் கேள்வியேதான். "சார், ஆறே புள்ளி இரண்டு என்றால் ஆறு என்றுதானே எடுத்துக்கொள்வோம்?"

நான் விதி எதையும் சொல்லவில்லை. ஆறு பேருந்துகளையும் நிரப்பிக் காட்டினேன். மொத்தம் 312 இருக்கைகள். மாணவர்கள் 310 பேர், ஆசிரியர்கள் 12 பேர், ஆக 322 பேர். பத்துப் பேருக்கு இடமில்லை. ஏழு பேருந்துகள் என்றால் 364 இருக்கைகள், 324 பேர், எல்லோருக்கும் இடம் உண்டு. குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று வரும் எந்தக் கணக்கிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: எழுதிய விடை நிபந்தனையை நிறைவு செய்ய வேண்டும், அதைவிட ஒன்று குறைவான எண் நிறைவு செய்யக் கூடாது. இரண்டும் நடந்தால் விடை சரி. சோதனையைக் கடைசியில் கிடைத்த 6.2-இல் செய்வதைவிட, முதலில் எழுதிய அசமன்பாட்டிலேயே செய்வது நல்லது. நடுவில் குறி மாறிப்போயிருந்தாலும் அப்போது பிடிபட்டுவிடும். சில மாணவர்கள் −50b ≤ −310 என்று கொண்டுவந்து, குறை எண்ணால் வகுக்கும்போது குறியைத் திருப்ப மறந்து b ≤ 6.2 என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு 6 என்று எழுதுவது அவர்களுக்கு மிகவும் இயல்பாகத் தெரியும். 52 × 6 = 312 என்பதையும் 322 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தவறு வெளியே வரும்.

கணினியில் அட்டவணை போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டத்தில் தசம இடமே வேண்டாம் என்று அமைத்திருந்தால் 6.2 என்பது திரையில் 6 என்றே தெரியும். ஒருவரும் முழுமையாக்காமலே கணக்கு கீழே இறங்கிவிடும். `=ROUNDUP(310/50,0)` என்று எழுதினால் 7 கிடைக்கும்.

எனக்கு நெடுநாளாக உள்ள ஒரு குறையையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். சில வழிகாட்டி நூல்களிலும் தனிப்பயிற்சி வகுப்புகளிலும் "பேருந்து, பெட்டி, படகு என்று வந்தால் மேலே ஏற்று; பணம் என்று வந்தால் கீழே இறக்கு" என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மதிப்பெண் வாங்க ஒரு குறுக்குவழி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் என்னோடு வாதிடக்கூடும். அந்தக் குறுக்குவழி மதிப்பெண்ணையும் பறித்துவிடும் என்பதற்கு எங்கள் சுற்றுலாவே சான்று. மாணவருக்கு 400 ரூபாய் வீதம் வசூலாகியிருந்த தொகை 1,24,000 ரூபாய். ஒரு பேருந்துக்கு வாடகை 18,500 ரூபாய். இந்தப் பணத்தில் எத்தனை பேருந்துகள் பேச முடியும் என்றால்,

18500b ≤ 124000

ஆகவே b என்பது ஏறக்குறைய 6.70-க்கு மேல் போக முடியாது. கேள்வியில் இருப்பது பேருந்துதான். ஆனாலும் இங்கே விடை 6. இது பாதிக்கு மேல் இருந்தும் கீழேதான் இறங்க வேண்டும். ஏழாவது பேருந்துக்கு 5,500 ரூபாய் குறைகிறது. எண்ண வேண்டிய பொருளின் பெயர் திசையைத் தீர்மானிப்பதில்லை. குறைந்தது இவ்வளவு வேண்டும் என்ற நிபந்தனையில் எல்லைக்கு மேலுள்ள முதல் முழு எண்ணும், அதிகபட்சம் இவ்வளவுதான் என்ற நிபந்தனையில் எல்லைக்குக் கீழுள்ள கடைசி முழு எண்ணும் விடையாகும். மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இவற்றை மீச்சிறு முழு எண் சார்பு, மீப்பெரு முழு எண் சார்பு என்று எழுதியிருக்கலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் எந்த இடத்தில் எது என்பதை அந்தப் பெயர்கள் சொல்லித் தருவதில்லை.

இப்போது இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பாருங்கள். b என்பது 6.2-க்குக் குறையக் கூடாது, 6.70-ஐத் தாண்டவும் கூடாது. எண்கோட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே எண்ணற்ற எண்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு முழு எண் கூட இல்லை. அசமன்பாடுகளுக்குத் தீர்வு இருக்கிறது. சுற்றுலாவுக்குப் பேருந்து எண்ணிக்கை இல்லை. இந்த நிலையில் மேலே முழுமையாக்கினாலும் தவறு, கீழே முழுமையாக்கினாலும் தவறு. பாடநூல் கணக்குகளில் இது அரிதாகவே வரும் என்பதால் முழுமையாக்கினால் எப்போதும் விடை கிடைத்துவிடும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். இங்கே நிபந்தனைகளில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

மாணவர்களிடம் கூடுதலாக வசூலிக்கலாம் என்று முதலில் பேசினோம். 5,500-ஐ 310-ஆல் வகுத்தால் 17.74. இதுவும் "குறைந்தது" என்ற வகை என்பதால் 18 ரூபாய். 17 ரூபாய் வாங்கினால் 5,270-தான் சேரும். ஆனால் கொடுத்த பணத்துக்கு மேல் மீண்டும் கேட்பதைத் தலைமையாசிரியர் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. பத்துப் பேரை இருக்கைக்கு மூவராக நெருக்கி உட்கார வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்பவர்கள் அப்படிப் பேசக் கூடாது என்று அவரிடம் நேராகவே சொன்னேன்.

பிறகு 12 இருக்கைகள் கொண்ட வேன் ஒன்றைப் பேசலாம் என்று முடிவானது. அதிலும் இரண்டு ஆசிரியர்கள் செல்ல வேண்டும் என்பதால் மாணவர்களுக்கு மிஞ்சுவது 10 இடங்கள். வேன்களின் எண்ணிக்கை v என்றால்,

50b + 10v ≥ 310

b = 6 என்று வைத்தால் 10v ≥ 10, ஆகவே v ≥ 1. இந்த இடத்தில் "மேலே ஏற்று" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டு வேன்கள் என்று எழுதும். தேவையில்லை. ≥ என்ற குறி சமத்தையும் ஏற்கிறது, 1 ≥ 1 உண்மை, ஆகவே ஒரு வேன் போதும். கணக்கு v > 1 என்று கேட்டிருந்தால் மட்டுமே 2 எழுத வேண்டும். வேன் வாடகை 9,000 ரூபாய், ஆறு பேருந்துகளுக்கு 1,11,000 ரூபாய், மொத்தம் 1,20,000 ரூபாய். வசூலான பணத்துக்குள் அடங்கியது.

ஆனால் சமமாக அமைந்த விடையில் ஓர் இருக்கை கூட மீதமிருக்காது. 311-ஆவது மாணவர் வந்தால் 10v ≥ 11 ஆகி, v ≥ 1.1 என்று இரண்டாவது வேன் தேவைப்படும். அப்போது செலவு 1,29,000 ரூபாய், வசூலோ 1,24,400 ரூபாய்தான். ஆகவே வேனுக்கு முன்பணம் கொடுத்த அன்றே பெயர்ப் பட்டியலை மூடிவிட்டோம்.