பேப்பரில் 11,520 ரூபாய் லாபம்: நிஜப் பணத்துக்கு மாறலாமா?

கேள்வி: சார், எனக்குப் பாலக்கோட்டில் மொபைல் சர்வீஸ் கடை. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே முறையை ஐந்து மாதமாகப் பணம் போடாமல் பேப்பர் ட்ரேடிங்காகச் செய்கிறேன். ஒரு பங்கு காலை முதல் 15 நிமிட உச்சத்தைத் தாண்டினால் வாங்குவது, விலை விழுந்தால் விற்றுவிடக் கீழே ஸ்டாப்லாஸ், மூன்றே கால் மணிக்குள் வெளியே வருவது, இதுதான் முறை. ஒவ்வொரு முறையும் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்குவதாகக் கணக்கு. 64 ட்ரேடில் 30 லாபம், 34 நஷ்டம், கூட்டிக் கழித்து 11,520 ரூபாய் லாபம். கடையில் கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் சாயங்காலம் சார்ட் பார்த்து எழுதிக்கொள்வேன். சீட்டு எடுத்த ஒரு லட்சம் கையில் இருக்கிறது. எதை வைத்து நிஜப் பணத்துக்கு மாறலாம் என்று முடிவு செய்வது? ஷீட்டை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். காரணம் உங்கள் ஷீட்டிலேயே இருக்கிறது. அதை வரிசையாகப் பார்த்தால் அளவுகோலும் தானாக வந்துவிடும்.

மொத்த லாபத்தை விடுங்கள். அதை ட்ரேடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ட்ரேடுக்கு 180 ரூபாய். பார்க்க வேண்டிய எண் இதுதான். ஒரு லட்சத்துக்கு 180 என்றால் 0.18 சதவீதம். பாலக்கோடு மண்டியில் தக்காளி கூடை என்ன விலைக்குப் போனது என்பது வேறு, கமிஷன், கூலி, வண்டி வாடகை போக விவசாயி வீட்டுக்கு எடுத்துப் போனது வேறு. உங்கள் ஷீட்டில் இருப்பது மண்டி விலை.

முதலில் கட்டணம். ஒரு லட்சத்துக்கு வாங்கி அன்றே விற்றால், தள்ளுபடி புரோக்கர் ஒருவரிடம் வழக்கமாக ஆர்டருக்கு 20 வீதம் 40 ரூபாய் புரோக்கரேஜ். விற்கும் பக்கம் எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அதாவது 25 ரூபாய். என்.எஸ்.இ. பரிவர்த்தனைக் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 6. வாங்கும் பக்கம் முத்திரைத் தீர்வை 3. புரோக்கரேஜுக்கும் பரிவர்த்தனைக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி., அது எட்டு ரூபாய் சொச்சம். ஆக 82 ரூபாய். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் இது போகும். 180-ல் மிச்சம் 98.

அடுத்தது ஸ்லிப்பேஜ். பேப்பரில் யாருமே இதைச் சரியாக எழுதுவதில்லை. உச்சம் 800 ரூபாய் என்றால் நீங்கள் 800-க்கு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே 800-ஐ ஊரில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விலை அதைத் தொட்டதும் எல்லா ஆர்டரும் ஒன்றாகப் பாய, உங்களுக்குக் கிடைப்பது 800.25 ஆகவோ 800.40 ஆகவோ இருக்கும். ஸ்டாப்லாஸ் அடிக்கும்போதும் இதே கதைதான், அங்கே விலை கீழ்ப்பக்கம் வழுக்கும். பக்கத்துக்கு 25 பைசா என்று மிதமாகவே வைத்தாலும் 125 பங்குக்குப் போக வர 62 ரூபாய் போய்விடும். இப்போது மிச்சம் 36.

'லிமிட் ஆர்டர் போட்டு இதைத் தவிர்க்கலாமே' என்று தோன்றும். தவிர்க்கலாம், ஆனால் அதற்கு வேறு விலை உண்டு. 800-க்கு மேல் வாங்குவதில்லை என்று லிமிட் போட்டால், உச்சத்தை உடைத்துக்கொண்டு நேராக ஓடிய பங்கு உங்களுக்குக் கிடைக்காது. உடைத்துவிட்டுத் திரும்பி விழுகிற பங்குதான் தவறாமல் கிடைக்கும். நல்ல ட்ரேடுகள் நழுவும், கெட்டவை ஒன்றுவிடாமல் வந்து சேரும். பேப்பரில் இரண்டையும் கிடைத்ததாக எழுதிவிடுவதால் இது கண்ணில் படாது. லிமிட் வைத்துப் பேப்பரில் சோதிப்பவர்கள், விலை தங்கள் லிமிட்டுக்குக் கீழேயும் இறங்கி வர்த்தகமானால் மட்டும் வாங்கியதாக எழுத வேண்டும். தொட்டுவிட்டுத் திரும்பியதை எழுதக் கூடாது. வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் பங்குகள் நின்றிருக்கும்.

சரி, 36 ரூபாயாவது மிஞ்சுகிறதே என்றால், அதுவும் நிஜமில்லை. சாயங்காலம் எழுதியவற்றைத் தனி நிறத்தில் குறித்திருந்தீர்கள், அது நல்ல பழக்கம். அப்படி 19 ட்ரேட். அவற்றில் 11 லாபம், சராசரி 363 ரூபாய். சந்தை நேரத்திலேயே எடுத்த 45-ல் 19 மட்டுமே லாபம், சராசரி 103 ரூபாய். இதில் நீங்கள் ஏமாற்றியதாகச் சொல்லவில்லை. நாள் முடிந்த சார்ட்டைப் பார்க்கிறவரின் கண், ஓடிய பங்கைத்தான் முதலில் பார்க்கும். ஓடாதது 'இதை நான் எடுத்திருக்க மாட்டேன்' என்று கழிந்துவிடும். எனவே 19-ஐயும் அடித்துவிடுங்கள். மிஞ்சுகிற 103-ல் கட்டணம் 82, ஸ்லிப்பேஜ் 62 போனால் ஒரு ட்ரேடுக்கு 41 ரூபாய் நஷ்டம். பேப்பரில் 11,520 காட்டிய முறை, கையில் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

2022-23-ஆம் ஆண்டைப் பற்றி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வில், பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்தில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கட்டணமாகவும் தனியே கொடுத்திருந்தார்கள். 82 ரூபாயை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவது அதனால்தான்.

இனி அளவுகோல். நான் வைக்கும் முதல் நிபந்தனை: கட்டணத்தைக் கழித்து, நீங்கள் எதிர்பார்க்கிற ஸ்லிப்பேஜைப் போல இரண்டு மடங்கைக் கழித்த பிறகும் சராசரி லாபமாக இருக்க வேண்டும். உங்கள் அளவில் 82-ம் 124-ம் சேர்ந்து 206 ரூபாய். ஆக, அதற்கு மேல் கொஞ்சம் இடமும் விட்டு, ஒரு ட்ரேடுக்கு 300 ரூபாயாவது மொத்தச் சராசரி வராத இன்ட்ராடே முறையை நான் நிஜப் பணத்துக்கு அனுமதிக்க மாட்டேன்.

இரண்டாவது, அந்தச் சராசரி அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் ட்ரேடுகளின் திட்ட விலக்கம், அதாவது லாப நஷ்டம் சராசரியிலிருந்து சிதறும் அளவு, சுமார் 900 ரூபாய். 64-ன் வர்க்கமூலம் 8, எனவே சராசரியில் இருக்கும் தடுமாற்றம் 900-ஐ எட்டால் வகுத்த 112. சராசரி 36, தடுமாற்றம் 112 என்றால் அந்த 36-க்கு அர்த்தமே இல்லை. நிகர சராசரி தடுமாற்றத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். கட்டணமும் ஸ்லிப்பேஜும் போன நிகரத் தொகை J பத்தியில் இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=AVERAGE(J2:J65)/(STDEV(J2:J65)/SQRT(COUNT(J2:J65)))
```

விடை 2-க்கு மேல் வர வேண்டும். 36 ரூபாய் சராசரியை வைத்துக்கொண்டு 2-ஐத் தொட 2,500 ட்ரேட் தேவைப்படும். நீங்கள் போகும் வேகத்தில் பதினாறு வருடம்! அதே சமயம் மொத்தச் சராசரி 300 இருக்கும் முறையில் நிகரம் 156. அதற்கு 130 ட்ரேடுக்குச் சற்று மேல் போதும், ஏறத்தாழ பத்து மாதம். சராசரி ஒல்லியாக இருக்கும் முறையை எத்தனை நாள் பேப்பரில் ஓட்டினாலும் நிரூபிக்க முடியாது என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

இடையில் விதியை மாற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய ட்ரேடுகளைப் புது விதிப்படி திருத்தி எழுதிச் சேர்ப்பது, சாயங்காலம் எழுதுவதன் இன்னொரு வடிவம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பதரை மணிக்கு உடைந்த டிஸ்ப்ளேவோடு வாடிக்கையாளர் வந்து நிற்கும் கடையில் இந்த முறை உங்களுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். அந்த 19 ட்ரேடுகளே சாட்சி. இரவில் சார்ட் பார்த்து, மறுநாளுக்கு ஆர்டர் போட்டு, சில வாரம் வைத்திருக்கும் டெலிவரி முறையைச் சோதித்துப் பாருங்கள். அதில் எஸ்.டி.டி. இரண்டு பக்கமும் 0.1 சதவீதம் என்பதால், டெலிவரிக்குப் புரோக்கரேஜ் இல்லாத இடத்திலும் ஒரு லட்சத்துக்குச் சுமார் 240 ரூபாய் செலவாகும். ஆனால் அங்கே ஒரு ட்ரேடில் எதிர்பார்ப்பது மூன்று, நான்கு சதவீத நகர்வு. செலவு அதில் சிறு பங்குதான்.

எந்த முறையானாலும் இரண்டு நிபந்தனையும் நிறைவேறிய பிறகே சிறு தொகை. சிறு தொகை போடுவது சம்பாதிக்க அல்ல. பேப்பரில் ஊகித்த ஸ்லிப்பேஜ் எவ்வளவு என்று அளந்து பார்க்கத்தான். இன்ட்ராடேவில் 800 ரூபாய்ப் பங்கில் 12 எடுங்கள், பத்தாயிரத்துக்குள் முடியும். உங்கள் பணத்தைப் போல ஐந்து மடங்கு வரை வாங்கப் புரோக்கர் லெவரேஜ் கொடுப்பார், அதைத் தொட வேண்டாம். கணக்குத் தொடங்கும் முன் கட்டண அட்டவணையைப் பாருங்கள். '20 ரூபாய் அல்லது 0.03 சதவீதம், எது குறைவோ அது' என்று இருந்தால் பத்தாயிரத்துக்குச் செலவு 11 ரூபாய் அளவில் நிற்கும். எப்போதும் 20 என்று இருந்தால் 50 ரூபாய், அதாவது அரை சதவீதம். அங்கே சோதனை செய்வதில் பயனில்லை.

ஒவ்வொரு ட்ரேடுக்கும் பேப்பர் விலையையும் நிஜ விலையையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 40 ட்ரேட் முடிந்ததும் வித்தியாசத்தின் சராசரியை எடுங்கள். அது பக்கத்துக்கு 0.03 சதவீதம், அதாவது நீங்கள் ஊகித்த 25 பைசா அளவுக்குள் இருந்தால் தொகையை இரட்டிப்பாக்கலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும், லாபத்தில் இருந்தாலும் சரி. அந்த 40-ல் சிக்னல் வந்தும் பயத்தாலோ வேலையாலோ எடுக்காமல் விட்டவை நான்கைந்துக்கு மேல் போனால், நீங்கள் சோதித்தது பேப்பரில் ஓட்டிய முறையே அல்ல.

நஷ்ட எல்லையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். பாதிக்கு மேல் தோற்கும் முறையில் ஐந்தாறு நஷ்டம் தொடர்ந்து வருவது சாதாரணம், அதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது. பத்தாயிரம் அளவில் ஒரு நஷ்டம் செலவோடு 80 ரூபாய்க்குள் இருக்கும். 40 ட்ரேடுக்குள் மொத்த நஷ்டம் 1,500-ஐத் தொட்டால், அது வெறும் கெட்ட நேரமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அன்றே நிறுத்திவிட்டுப் பேப்பருக்குத் திரும்புங்கள்.

வருமான வரிக் கணக்கையும் உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்ட்ராடே லாபம் ஸ்பெகுலேடிவ் தொழில் வருமானம். கடைக்கு எளிய படிவம் போட்டுக்கொண்டிருந்தால் ஐ.டி.ஆர்-3-க்கு மாற வேண்டி வரும், அதற்கு அவர் கேட்கும் கட்டணமே உங்கள் சோதனை லாபத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

சீட்டுப் பணம் இதில் வரவே வேண்டாம். எடுத்த சீட்டுக்கு இன்னும் தவணை கட்ட வேண்டியிருக்கும், ஆகவே அது கடன்தான். மீதித் தவணைகளுக்குத் தேவையானதை வங்கியில் போட்டு வையுங்கள். சோதனைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டாயிரத்தை, அந்தக் கட்டம் வரும்போது, கடை வருமானத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.