கடைத்தெருவில் யார் யாரைப் பார்த்து மாறுகிறார்கள்? டிஜிட்டல் பணம் பற்றிய கேள்வி பதில்

வங்கிக்காகக் களப்பணி செய்பவர், காவேரிப்பட்டினம்: அக்கா, டிஜிட்டல் பணத்துக்கு மாற்ற எனக்குக் கொடுத்த தெருவில் 120 கடை. புதிய ஒன்றுக்கு மாறுபவர்களில் முதலில் வரும் புதுமை விரும்பிகள் இரண்டரை சதவீதம், அடுத்து வரும் முன்னோடிகள் பதிமூன்றரை என்று பயிற்சியில் சொன்னார்கள். முதல் மாதம் 3 கடை, அடுத்த மாதம் 16 கடை என்று இலக்கு வைக்கலாமா?

வைக்காதீர்கள் தம்பி. புதுமைகள் மக்களிடம் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் எழுதிய அந்தப் பிரிவுகள், மாற வேண்டியவர்கள் மாறி முடித்த பிறகு, யார் எப்போது மாறினார்கள் என்று வரிசையாக நிறுத்தி வெட்டியவை. 120 பேரும் மாறினால்தான் முதல் இரண்டு பிரிவு, நடுவில் இரண்டு, கடைசி ஒன்று என 3, 16, 41, 41, 19 என்று கணக்கு வரும். 30 பேர் மாறவே இல்லை என்றால் அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. மாதக்கணக்கும் அதில் கிடையாது.

உங்களுக்கு அதில் பயன்படுவது வேறொன்று. முதலில் மாறுபவரும், மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. தெருவில் முதலில் கியூஆர் அட்டை ஒட்டுவது செல்போன் கடைப் பையனாக இருப்பான். பக்கத்து மளிகைக்காரர் அவனைப் பார்த்து மாற மாட்டார், "அவனுக்கு இதுதான் வேலை" என்று போய்விடுவார். அவர் யாரைப் பார்ப்பார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

வழி எளிது. ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைக்குப் புதுசா தராசோ ஃப்ரிட்ஜோ வாங்கணும்னா இந்தத் தெருவுல யாரைக் கேப்பீங்க?" யுபிஐ என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எடுத்தால் எல்லோரும் செல்போன் கடையைக் கை காட்டுவார்கள். சொன்ன பெயர்களைக் குறித்து வாருங்கள். பலர் "யாரையும் இல்ல" என்பார்கள், பரவாயில்லை. கடைசியில் ஏழெட்டுப் பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அட்டை ஒட்டும் வேலையை அந்த ஏழெட்டுக் கடையில் ஆரம்பியுங்கள். ஒட்டிவிட்டு ஓடாமல், இரண்டு மூன்று வாரம் அங்கேயே நில்லுங்கள்.

வணிகர் சங்கப் பொறுப்பாளர், பாலக்கோடு: எங்கள் ஊரில் பெரிய மளிகை மொத்த வியாபாரி ஒருவர் எப்போதோ மாறிவிட்டார், ஊரே மதிக்கும் ஆள். ஆனால் பூக்கடை, தள்ளுவண்டிக்காரர்கள் அசையவே இல்லையே அம்மா?

மதிப்பது வேறு, "நம்மள மாதிரி ஆளு" என்று நினைப்பது வேறு. பூ கட்டி விற்கும் அம்மா மொத்த வியாபாரியைப் பார்த்து "அவருக்கு ஆகும், நமக்கு ஆகுமா?" என்றுதான் கேட்பார். அதனால் அந்த ஏழெட்டுப் பெயரும் ஒரே கூட்டத்திலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். பூக்கடைக்கு ஒருவர், டீக்கடைக்கு ஒருவர், தள்ளுவண்டிக்கு ஒருவர் என்று தனித்தனியாக வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் கடைக்காரர்கள் நிறைய. அவர்களுக்குள்ளும் கேட்கும் ஆள் தனியாக இருப்பார்.

அப்புறம், பணம் வந்ததைப் பக்கத்துக் கடைக்குக் கேட்க வைப்பது சத்தம் போடும் பெட்டி. தெருவில் பேச்சு பரவ அது பெரிய உதவி. ஆனால் பல நிறுவனங்கள் அதற்கு மாத வாடகை வாங்குகின்றன. தள்ளுவண்டிக்காரரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாம் மாதம் கணக்கில் பணம் பிடித்தால் அவர் பெட்டியை மட்டுமல்ல, அட்டையையும் சேர்த்து எடுத்துவிடுவார்.

மளிகைக் கடைக்காரர், காரிமங்கலம்: மேடம், வாடிக்கையாளர் 640 ரூபாய் அனுப்பினேன் என்று போனில் காட்டினார், எனக்கு வரவில்லை. யார் பொறுப்பு? இதற்குத்தானே இந்தத் திட்டம்?

கடைகளை மாற்றத் திட்டமிடுவது பற்றித்தான் இங்கே பேச்சு, ஆனாலும் இதைத் தீர்க்காமல் எந்தக் கடையும் மாறாது. உண்மையிலேயே அவர் கணக்கிலிருந்து பணம் போய் உங்களுக்கு வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குச் செலுத்திய பணம் 5 நாளுக்குள் அவருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் அவருக்குத்தான். உங்களுக்கு வரவில்லை என்றால், நீங்கள் பொருளைக் கொடுத்ததுதான் உங்கள் நஷ்டம். வாடிக்கையாளர் போனில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் போனிலோ பெட்டியிலோ வந்ததைப் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள்.

எம்பிஏ மாணவர், தர்மபுரி: ரோஜர்ஸ் பிரிவுகளில் கடைசி 16 சதவீதம் பழமைவாதிகள்தானே மேடம்? அவர்களை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் 68 சதவீதத்தில் செலவிடுவதுதான் லாபம் இல்லையா?

நடுவில் இருப்பவர்களிடம் அதிகம் செலவிட வேண்டும் என்பது சரி. காரணம்தான் தப்பு. மாறாதவரைக் குறை சொல்லிவிட்டு, அவர் நிற்கும் இடத்தைப் பார்க்காமல் போகும் பழக்கத்தை ரோஜர்ஸே பின்னாளில் கண்டித்திருக்கிறார்.

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி சில்லறை வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மண்டியில் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கிறார். மாலையில் தண்டல்காரர் ரொக்கமாக வசூலிக்கிறார். நாள் விற்பனை 3,000 ரூபாய், அதில் 2,000 கணக்கில் போய் உட்கார்ந்தால், மறுநாள் விடியற்காலை மண்டிக்கு முன் ஏடிஎம் தேடி ஓட வேண்டும். பழைய கடன் தவணை பாக்கி இருந்தால் வங்கி அந்தக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளும் என்ற பயமும் உண்டு. இவர் மறுப்பது பழமை இல்லை, சரியான கணக்கு. இவரிடம் பத்து தடவை போவதை விட, மண்டிக்காரர் யுபிஐ வாங்க ஆரம்பித்தால் இவர் தானாக வருவார். வரிசையில் பின்னால் நிற்பவருக்கான வழி பல சமயம் அவருக்குச் சரக்கு தரும் ஆளிடம் இருக்கிறது. சாதாரண போன் வைத்திருப்பவருக்கு 2022-ல் வந்த யுபிஐ 123பே உண்டு, ஆனால் இந்தச் சிக்கலை அது தீர்க்காது.

களப்பணி மேற்பார்வையாளர், கிருஷ்ணகிரி: எங்கள் அறிக்கையில் 90 சதவீதக் கடைகளில் அட்டை ஒட்டியாகிவிட்டது. முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

ஒட்டியதை எண்ணாதீர்கள், வாங்குவதை எண்ணுங்கள். ஒட்டி மூன்று வாரம் கழித்து, அந்த வாரத்தில் குறைந்தது நாலு நாளாவது பணம் வந்திருந்தால்தான் அந்தக் கடை மாறியதாக நான் எழுதுவேன். நேரில் போனால் அட்டை கல்லாப்பெட்டிக்குள் இருக்கும், அல்லது காலண்டருக்குப் பின்னால். இன்னொன்றையும் கேளுங்கள்: பணம் யார் கணக்குக்குப் போகிறது? மகன் நம்பரில் இணைத்துவிட்டு மகன் ஓசூரில் வேலைக்குப் போயிருப்பான். அப்பாவுக்குப் பணம் வந்ததும் தெரியாது, கையிலும் கிடைக்காது. பெண்கள் நடத்தும் கடைகளில் கணவர் கணக்கு என்றால் இதே கதைதான். அந்தக் கடை வெகு சீக்கிரம் ரொக்கத்துக்குத் திரும்பும்.

பேக்கரிக்காரர், ஓசூர்: பெங்களூரில் யுபிஐ கணக்கைப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் நாங்கள் நாலு கடை அட்டையை எடுத்துவிட்டோம். நாங்களும் நீங்கள் சொன்ன வரிசையில் கடைசி ஆட்களா?

இல்லை ஐயா, நீங்கள் மாறிவிட்டுத் திரும்பியவர்கள், அது வேறு வகை. 2025 ஜூலையில் அந்தச் செய்தி வந்ததும் அங்கே பல கடைகளில் ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். முன்னோடி ஒருவர் அட்டையைக் கழற்றினால், அவரைப் பார்த்து வந்தவர்களும் கழற்றுவார்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ரொக்கத்தில் வந்தாலும் அதே வரம்புதான், அட்டையை எடுத்தால் வரம்பு மாறாது. காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவே தேவையில்லை. பேக்கரி அதில் வராது, எனவே உங்கள் விற்பனையை ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள். வீட்டுப் பணம், கைமாற்று எல்லாம் கடைக் கணக்கிலேயே வந்தால் விற்பனை மாதிரி தெரியும், அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

காவேரிப்பட்டினம் தம்பி மறுபடியும்: கேஷ்பேக் கொடுத்தால் வேகமாகாதா அக்கா?

எண்ணிக்கை வேகமாகும். நிறுத்தியதும் எத்தனை கடை தொடரும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, இதில் எனக்கே முடிவான கருத்து இல்லை. கொடுப்பதென்றால் கடைக்காரருக்குக் கொடுக்காமல், அந்த ஏழெட்டுக் கடைகளில் வாங்க வரும் வாடிக்கையாளருக்குக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் கொடுக்காமல் விடுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.