ஒப்பந்தம் முடிந்தது, தடை முடியவில்லையா?

“பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு 2 வருடம் வெளியாளாக பில்லிங் சாஃப்ட்வேர் பராமரித்தேன். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. அதே தொழிலில் உள்ள இன்னொரு கம்பெனி இப்போது கூப்பிடுகிறது. பழையவர்கள், ‘15-ஆவது ஷரத்துப்படி ரகசியக் காப்பும் போட்டித் தடையும் இன்னும் 2 வருடம் நீடிக்கும்’ என்கிறார்கள். பாக்கி ரூ. 1,80,000-ஐக் கேட்டால், ‘அது அந்த ஷரத்தில் இல்லையே’ என்கிறார்கள். என்ன செய்வது?”

உங்கள் 15-ஆவது ஷரத்தை நாங்கள் சர்வைவல் கிளாஸ் என்போம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் எதெது தொடரும் என்று சொல்வது அது. ஆனால் சட்டப்படி செல்லாத ஒன்றை அதில் எழுதிவிட்டால் மட்டும் செல்லுபடியாகிவிடாது. போட்டித் தடை அப்படிப்பட்டதுதான். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. நிறுவனத்தை நற்பெயரோடு விற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு; உங்களுக்கு அது பொருந்தாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ‘வேறு யாருக்கும் செய்யாதே’ என்று கட்டிவைக்கலாம், முடிந்த பிறகு முடியாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் ஏஜென்சி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அவரும் உங்களைப் போல ஊழியர் அல்ல. ‘வெறும் 2 வருடம்தானே’ என்ற வாதமும் இங்கே எடுபடாது.

ரகசியக் காப்பு வேறு கதை. அது உண்மையிலேயே தொடரும். உங்கள் கைத்திறமையும் அந்தத் துறை அனுபவமும் உங்களுடையவை. அவர்களுடைய வாடிக்கையாளர் விலைப் பட்டியலும் பாஸ்வேர்டுகளும் உங்களுடையவை அல்ல. பழைய லேப்டாப்பில் ‘ரேட்ஸ் ஃபைனல்’ என்று ஒரு எக்செல் கோப்பு கிடக்கிறதா, பாருங்கள். இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் ஆள் மாட்டுவது அங்கேதான். ஒப்பந்தம் சொல்கிறபடி திருப்பிக் கொடுத்துவிட்டோ அழித்துவிட்டோ, அதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். புதிய வேலையை அதற்குப் பிறகு ஆரம்பியுங்கள்.

சரி, பாக்கிக்கு வருவோம். வேலை முடித்து பில் கொடுத்த அன்றே அந்தக் கடன் பிறந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்ததால் அது கரையாது, பட்டியலில் இல்லாவிட்டாலும். தகராறை கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவர் தீர்ப்பார் என்கிற ஆர்பிட்ரேஷன் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் அப்படித்தான்: 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனி உடன்பாடாகவே பார்க்கிறது. ஆகவே நேராக சிவில் கோர்ட்டுக்குப் போனால் அவர்கள் அந்த ஷரத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியும்.

பில் தொகை வர வேண்டிய தேதியிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. ‘பணம் எப்போது வரும்’ என்று எத்தனை வாட்ஸ்அப் அனுப்பினாலும் அது நீளாது. ‘தர வேண்டியது உண்மைதான்’ என்று கெடுவுக்குள் அவர்கள் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம். ஆர்பிட்ரேஷன் கேட்டு நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் அவர்கள் கைக்குக் கிடைக்கும் நாள்தான் கணக்கு. அதனால் அவர்களுக்குக் கிடைத்ததற்கான சான்று உங்கள் கைக்கு வரும்படி தபாலில் அனுப்புங்கள்.